மணல் மட்டும் காரணமா?

கேள்வி: பாலைவனத்தில் பகலில் நெருப்பாகச் சுடுகிறது, இரவில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர்கிறது என்கிறார்களே! மணல் சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் ஆறிவிடுவதால்தானே?

பதில்: மணலுக்கும் பங்கு உண்டு. ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடாதீர்கள். நமீபியாவின் நமீப் பாலைவனத்தைப் பாருங்கள். அட்லாண்டிக் கரையோரம் அடிக்கடி மூடுபனி சூழ்கிறது. அங்கே பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. உள்நாட்டுப் பக்கம் போகப் போக அந்த வித்தியாசம் வெகுவாகக் கூடுகிறது. மணல் இரண்டு இடத்திலும்தான் இருக்கிறது. கரையோரத்தில் உண்டு, உள்ளே இல்லை என்று சொல்லத்தக்கவை கடலின் குளிர்ச்சியும் காற்றின் ஈரமும்தான்.

ஈரமான நிலத்தில் வெயிலின் ஆற்றலில் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். காய்ந்த மணலில் அந்தச் செலவு இல்லை. மணல் துகள்களுக்கு இடையே காற்று நிறைந்திருப்பதால் வெப்பம் ஆழத்துக்கும் எளிதில் இறங்காது. மேல் பரப்பு நண்பகலில் 65, 70 டிகிரி செல்சியஸைத் தொடும். சுமார் 30 சென்டிமீட்டர் தோண்டினால், பகல் இரவு மாற்றம் ஏறக்குறையத் தெரியாது. பாலைவனப் பிராணிகள் பல வளைக்குள் பதுங்குவது இதனால்தான். ஆக, பகல் முழுவதும் சேர்ந்த வெப்பம் மேலே ஒரு மெல்லிய அடுக்கில்தான் நிற்கிறது. இரவில் இழப்பதற்கு நிலத்திடம் அதிக இருப்பு இல்லை.

இருட்டியதும் நிலம் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி விடுகிறது. எல்லா நிலமும் இரவில் இதைத்தான் செய்கிறது. மற்ற இடங்களில் காற்றிலுள்ள நீராவியும் மேகமும் அந்தக் கதிர்களில் பெரும்பகுதியை உறிஞ்சி, மீண்டும் தரைக்கே அனுப்புகின்றன. வறண்ட, மேகமற்ற வானத்திலிருந்து திரும்பி வருவது குறைவு. அதே பாலைவனத்தில் மேகம் கவிந்த இரவில் குளிர் அவ்வளவு ஏறாது. மணல் மாறவில்லை, வானம் மாறிவிட்டது. இதைவிட நேரடியான சான்று வேண்டுமா?

'உறையும் அளவுக்கு' என்பதையும் எல்லாப் பாலைவனங்களுக்கும், எல்லா இரவுகளுக்கும் பொருத்திவிடக் கூடாது. சஹாராவில் உறைபனி பெரும்பாலும் குளிர்கால இரவுகளுக்கும் உயரமான பகுதிகளுக்கும் உரியது. கலிபோர்னியாவின் டெத் வேலி கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் பள்ளத்தாக்கு; ஜூலையில் அங்கே நள்ளிரவு தாண்டியும் 30 டிகிரிக்குக் குறையாத இரவுகள் சாதாரணம். பகலில் ஏறிய வெப்பம் அவ்வளவு அதிகம், இரவோ குறுகியது, சுற்றியுள்ள மலைச் சரிவுகளும் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. பகல் வெப்பத்திலிருந்து 15 டிகிரிக்கு மேல் இறங்கியும் அங்கே குளிரடிக்காது.

இன்னொன்று: வானிலை அறிக்கை சொல்லும் வெப்பநிலை, தரைக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், நிழலில் அளந்த காற்றின் வெப்பநிலை. காற்று அசையாத தெளிந்த இரவில் தரை அதைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். அறிக்கையில் 3 டிகிரி என்றிருந்தாலும் காலையில் மணலின் மேல் வெண்ணிற உறைபனி படிந்திருக்கலாம்.