மன்னிப்பு ஒரு வரி, கணக்கு நாலு வரி

கேள்வி: ஒரு கடையில் மிக்சிக்கு 600 ரூபாய் கூடுதலாகப் பில் போட்டுவிட்டார்கள். கேட்டதும் பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். பணத்துக்குப் பதில் கூப்பன் தருகிறார்களாம். வாங்கிக்கொள்ளலாமா? (ராயபுரம்)

வேண்டாம். போனது பணம், வர வேண்டியதும் பணம்தான். பில்லின் நகலை இணைத்து, ஒரு தேதி குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். நான் வாங்கிய வாஷிங் மெஷினுக்கு மாற்றாத பாகத்துக்கெல்லாம் பில் போட்ட சர்வீஸ் சென்டரிலிருந்து எனக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. ‘மனமார’, ‘தாழ்மையுடன்’ எல்லாம் இருந்தன. எவ்வளவு, எப்போது திரும்ப வரும் என்பது மட்டும் இல்லை.

கேள்வி: வண்ணாரப்பேட்டையில் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். மணலியில் ஒரு கம்பெனிக்கு 120 சட்டை அனுப்பிவிட்டு, பில்லில் 210 என்று போட்டுவிட்டோம். சட்டை 450 ரூபாய், ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பணமும் வந்துவிட்டது. இப்போது அவர்களுடைய கணக்குப் பிரிவு கண்டுபிடித்துக் கேட்கிறது. காலில் விழாமல், ஆர்டரும் போகாமல் எப்படி எழுதுவது?

எழுத உட்காரும் முன் டெலிவரி சலான்களை எடுத்து, அந்தக் கம்பெனிக்குப் போட்ட மற்ற பில்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மன்னிப்புக் கேட்ட மறுவாரம் இரண்டாவது பிழை கிளம்பினால், முதல் கடிதத்துக்கு மதிப்பே இருக்காது.

90 சட்டை கூடுதல்; 40,500 ரூபாய். அதற்கு வரி 2,025. திருப்ப வேண்டியது 42,525. பலர் சட்டைப் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வரியை மறந்துவிடுகிறார்கள். பிறகு அதற்கு ஒரு மன்னிப்பு!

பழைய பில்லைத் திருத்தி அதே எண்ணில் மறுபடி அனுப்பாதீர்கள். அது உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் ஏறியிருக்கும். அந்தப் பில்லின் எண்ணைக் குறிப்பிட்டு, கூடுதல் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் ஒன்றைப் போடுங்கள். சரக்கு அனுப்பிய நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30-க்குள், அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தால் அந்தத் தேதிக்குள், அதை ஜி.எஸ்.டி. கணக்கில் காட்டிவிட வேண்டும். அந்த 2,025 ரூபாயை அவர்கள் உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தாங்கள் கட்டும் வரியில் கழித்திருந்தால், அதை அரசுக்குத் திருப்ப வேண்டியிருக்கும். இதை மின்னஞ்சலிலேயே சொல்லிவிட்டால், அவர்களுடைய கணக்காளர் உங்களை இன்னொருமுறை அழைக்க வேண்டியிருக்காது.

தலைப்பில் பில் எண்ணும் ‘கூடுதல் தொகை திருத்தம்’ என்பதும் போதும். உள்ளே இப்படி எழுதலாம்:

“வணக்கம். நீங்கள் சுட்டிக்காட்டியது சரி. 120 சட்டைகளை அனுப்பிவிட்டு 210 என்று பில் போட்டோம். வரியுடன் 42,525 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறோம். தவறு எங்களுடையது, மன்னிக்கவும். கிரெடிட் நோட்டை இணைத்துள்ளோம். உள்ளீட்டு வரி எடுத்திருந்தால் 2,025 ரூபாயைத் திருப்ப வேண்டியிருக்கும். தொகையை வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறோம். அடுத்த பில்லில் கழித்துக்கொள்வது வசதி என்றால் வியாழனுக்குள் சொல்லுங்கள். உங்களுக்குப் போட்ட மற்ற பில்களையும் சரிபார்த்தோம். வேறு பிழை இல்லை. இனி எண்ணிக்கையைச் சலானுடன் ஒப்பிட்ட பிறகே பில் அனுப்புவோம்.”

சரிபார்க்காமல் அந்தக் கடைசிக்கு முந்தைய வரியை எழுதிவிடாதீர்கள். கீழே உங்கள் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கட்டும். பணம் அனுப்பும் முன், வங்கிக் கணக்கு எண்ணை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணில் கேட்டு உறுதிசெய்யுங்கள். புதுக் கணக்கு எண் மின்னஞ்சலில் மட்டும் வந்தால் நம்ப வேண்டாம். பணம் யாரிடமோ போய்ச் சேரும்.

எனக்கு எரிச்சலூட்டும் சங்கதி ஒன்று உண்டு: ‘சிஸ்டம் எரர்’. எண்ணைத் தட்டியது ஒரு விரல், அதைப் பார்க்காமல் அனுப்பியது ஒரு முதலாளி. பழி மட்டும் கணினிக்கு. இன்னும் மோசம், ‘புதிதாகச் சேர்ந்த பெண் தெரியாமல் செய்துவிட்டாள்’ என்பது. பில் உங்கள் கடையின் பெயரில்தானே போனது? ‘ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால்’ என்றும் எழுதாதீர்கள். 42,525 ரூபாய் அதிகமாகக் கட்டியவருக்குச் சிரமம் ஏற்பட்டதா என்ற சந்தேகம் எதற்கு? கேட்காத தள்ளுபடியும் வேண்டாம். இதைவிடப் பெரிதாக எதையோ மூடுகிறீர்கள் என்று தோன்றும்.

கேள்வி: கேட்டரிங் பில்லைப் பார்க்காமலே பணம் கட்டிவிட்டேன். கணக்கு தப்பு என்று இப்போது தோன்றுகிறது. பில்லையும் எறிந்துவிட்டேன். அவர்களிடம் மன்னிப்புக் கடிதம் வாங்க முடியுமா? (தண்டையார்பேட்டை)

முதலில் பில்லின் நகலை வாங்குங்கள். இந்தமுறையாவது படியுங்கள்.