பந்து மேலே பறப்பதற்குக் காரணம் ஊன்றுகால்

“ஞாயிறு மட்டும்தான் ஃபுட்பால் ஆடுறேன். ஓங்கி உதைச்சா பந்து கோலுக்கு மேல போகுது, பெருவிரலும் வலிக்குது.”

ஊன்றுகால் பந்துக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறது போல. அப்போது உடம்பு பின்னால் சாயும், பாதம் பந்தின் அடியில் நுழையும், பந்து எகிறும். ஊன்றுகாலைப் பந்துக்குப் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி, விரல் இலக்கைப் பார்க்க வையுங்க.

விரல் வலி வேறு கதை. கணுக்கால் தளர்ந்திருந்தால் விரல்நுனிதான் முதலில் மோதும். விரல்களை ஷூவுக்குள் கீழ்நோக்கி மடக்கி, கணுக்காலை நீட்டி இறுக்குங்க. ஷூ லேஸ் முடிச்சுக்குக் கீழுள்ள எலும்பு பந்தின் நடுவில் படணும். சரியாகப் பட்டால் பந்து அதிகம் சுழலாது.

பட்டதும் காலை நிறுத்தாதீங்க. இலக்கை நோக்கியே போகட்டும், உதைத்த காலிலேயே தரையிறங்குங்க. முதலில் பாதி வேகத்தில் இருபது உதை போதும். வீக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம்.