நகையை அடகு வைத்துக் கமரா வாங்கலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் கலியாணம், சாமத்திய வீடுகளுக்குப் படம் எடுக்கிறேன். வருடத்துக்கு ஆறு வேலை வரும். கொழும்பிலிருந்து இணையத்தில் கமராவும் லென்ஸும் நாளுக்கு 4,000 ரூபா வாடகை, வைப்புப் பணம் 75,000. பாவித்த செட் ஒன்று 280,000க்கு இருக்கிறது. அம்மாவின் நகையை மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு வைத்தால் வாங்கலாம். எது நல்லது?

பதில்: தம்பி, இப்போதைக்கு வாடகைதான். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

அந்த 4,000 ஒரு கலியாணத்துக்கான செலவு இல்லை. பார்சல் முதல் நாளே வந்துசேர வேண்டும், மறுநாள்தான் திரும்பிப் போகும். மூன்று நாள் கணக்கெடுத்தால் 12,000. கூரியருக்குப் போக வர 2,000 வையுங்கள். ஒரு வேலைக்கு 14,000, ஆறு வேலைக்கு 84,000.

வாங்கினால்? இரண்டு வருடம் பாவித்து 180,000க்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். விலையில் இழப்பது ஒரு இலட்சம். சேர்விசுக்கும் மெமரி கார்டுக்கும் 20,000. நகை வட்டி மாதம் 4,200. இரண்டு வருடத்தில் 100,800. எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு 110,400 வரும். அதாவது, வருடம் எட்டு வேலையாவது இருந்தால்தான் வாங்குவது கட்டும். வட்டி இல்லாமல் சொந்தச் சேமிப்பில் வாங்கினால் ஐந்து வேலையே போதும். உங்களை வாங்கவிடாமல் தடுப்பது கமராவின் விலையைவிட அந்த வட்டிதான்.

வைப்புப் பணத்தில் தொகையைவிட, அது எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதைக் கேளுங்கள். ஆவணியில் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும். சோதித்துப் பார்த்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் தருவார்கள் என்றால், அடுத்த கலியாணத்துக்கு இன்னொரு 75,000 தேட வேண்டிவரும்.

சேத நிபந்தனையில்தான் பலர் மாட்டுகிறார்கள். கமரா விழுந்தால் வைப்புப் பணத்தோடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். 'புதிய விலை முழுவதும்' என்று எழுதியிருந்தால், பழைய கமராவுக்கும் புதுக் கமராவின் காசு கேட்பார்கள். 'இன்றைய பெறுமதி, அல்லது திருத்தும் செலவு, எது குறைவோ அது' என்று எழுத்தில் வாங்குங்கள். ஒருமுறை எனக்கு வந்த லென்ஸில் ஏற்கனவே கீறல் இருந்தது. காட்ட ஆதாரம் இல்லாததால் என் வைப்பிலிருந்து வெட்டினார்கள். அதனால் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள்: பெட்டியின் சீல், தொடர் இலக்கம், லென்ஸின் முன்னும் பின்னும். வெள்ளைச் சுவரை f/16இல் ஒரு படம் எடுத்தால் சென்சரில் உள்ள தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். அதையும் அன்றே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். திருப்பி அனுப்பும்போதும் இதே மாதிரிச் செய்யுங்கள், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் முதலே கேட்டு வையுங்கள்.

அப்புறம், யாழ்ப்பாணத்தில் வாடகைக்குக் கொடுப்பவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். அதே வாடகைக்குக் கிடைத்து, பஸ்ஸில் போய்க் கையில் வாங்கி வந்தால் இரண்டு நாள் வாடகையோடு ஏறக்குறைய 9,000இல் முடியும். அடுத்த வருடத்துக்கு முற்பணம் தந்தவர்கள் எட்டுப் பேரைத் தாண்டினால் எனக்கு எழுதுங்கள், திரும்பக் கணக்குப் பார்ப்போம்.