ஓடும்போது பவர் கட், தள்ளினால் மட்டும் கிளம்புகிறது

"எலக்ட்ரிக் ஸ்கூட்டரை மழையில் ஓட்டியதிலிருந்து திடீர் திடீரென்று பவர் போகிறது. நின்ற இடத்தில் த்ராட்டில் கொடுத்தால் வீல் உதறுகிறது, காலால் தள்ளினால் ஓடுகிறது. கன்ட்ரோலர் மாற்றச் சொல்கிறார்கள்."

இப்போதைக்கு மாற்றாதீர்கள். தள்ளினால் ஓடுகிறது என்பதால் என் சந்தேகம், மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார் மீதுதான்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஹால் கனெக்டரைக் கழற்றாமல், சாவியை ஆன் செய்யுங்கள். த்ராட்டிலைத் தொட வேண்டாம். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஹால் கனெக்டரின் கறுப்பு ஒயரில் வையுங்கள். சிவப்பு ஒயரில் சுமார் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் கனெக்டரைக் கழற்றி, கன்ட்ரோலர் பக்கம் அளந்து பாருங்கள். அங்கே 5 வந்தால் மோட்டார் பக்கம் ஷார்ட். அப்போதும் வராவிட்டால்தான் கன்ட்ரோலர் கோளாறு.

5 வோல்ட் சரியாக இருந்தால், வீலைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி மஞ்சள், பச்சை, நீலத்தை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். மூன்றுமே 0-க்கும் 5-க்கும் மாறி மாறித் தாவ வேண்டும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அந்த சென்சாரோ அதன் ஒயரோ போயிருக்கிறது.

மோட்டாரைத் திறப்பதற்கு முன், ஆக்ஸிலிலிருந்து ஒயர் வெளியே வரும் இடத்தைப் பாருங்கள். உறை தேய்ந்து தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.