மரியாதைக்குப் போட்ட ஸ்மைலி சம்மதம் ஆகுமா?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் லிங்க்ட்இனில் முதலில் வேலை பற்றித்தான் பேசினார். இப்போது இரவு 11 மணிக்கு மேல், "அந்த நீலச் சேலைப் படம் கண்ணிலேயே நிற்கிறது", "நாம் மட்டும் ஒரு காபி?" என்று எழுதுகிறார். ஆரம்பத்தில் மரியாதைக்கு ஒரு ஸ்மைலி போட்டுவிட்டேன். எங்களுக்குப் பொதுவான தொடர்புகள் நூற்றுக்கு மேல். பிளாக் செய்தால் என்னைப் பற்றித் தப்பாகப் பேசுவாரோ என்று பயம். ஸ்கிரீன்ஷாட்டை எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். பிளாக் செய்வதற்கும் இரண்டு நாள் பொறுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

ஸ்மைலி சம்மதம் ஆகாது. ஆனால் அது மறுப்பும் ஆகாது, சிக்கல் அங்கேதான். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு, ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வதைக் குற்றமாக்குகிறது. பதில் போடாமல் விட்டதே மறுப்புதான் என்று வாதாடலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் ஸ்மைலியைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வருவார். அதனால் மறுப்பு எழுத்தில், தேதியோடு இருக்க வேண்டும்.

இப்படி எழுதுங்கள்: "இங்கே வேலை தொடர்பாக மட்டுமே பேச விரும்புகிறேன். என் தோற்றம் பற்றியோ தனியாகச் சந்திப்பது பற்றியோ இனி எழுத வேண்டாம்." அவ்வளவுதான். "மன்னிக்கவும்" வேண்டாம், ஸ்மைலி வேண்டாம், "எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது" போன்ற காரணமும் வேண்டாம். காரணம் சொன்னால் அதற்கும் ஒரு பதில் வரும். பகலில், அலுவலக நேரத்தில் அனுப்புங்கள். திட்டுவதாலும் பயனில்லை. நாளை இதைப் படிக்கப்போவது அவர் மட்டுமல்ல, ஒரு குழுவோ நீதிபதியோகூடப் படிக்கலாம்.

அனுப்பிய கையோடு முழு உரையாடலையும், அவருடைய பெயர், தேதி, நேரம், சுயவிவரப் பக்கத்தின் முகவரி எல்லாம் தெரியும்படி படமெடுங்கள். உங்கள் ஸ்மைலியையும் சேர்த்துத்தான். அதை வெட்டிவிட்டுக் கொடுத்தால் மற்ற படங்கள் மீதும் சந்தேகம் வரும். லிங்க்ட்இன் அமைப்புகளில் `Get a copy of your data` வழியாகச் செய்திகளைத் தரவிறக்கியும் வையுங்கள். கணக்கில் உள்ள உரையாடலை அழிக்காதீர்கள். வழக்கு என்று வந்தால் மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும், அதற்கு மூல உரையாடல் இருப்பது நல்லது.

அப்புறம் தாராளமாக பிளாக் செய்யுங்கள். லிங்க்ட்இன் அவருக்கு அறிவிப்பு அனுப்பாது. அவர் உங்களுக்குப் பரிந்துரை எழுதியிருந்தால் அது போய்விடும். `Connections` தெரிவதற்கான அமைப்பையும் மூடுங்கள், வேறு கணக்கிலிருந்து வந்தாலும் உங்கள் பட்டியலைப் புரட்டிப் பார்க்க முடியாது. பொதுவான தொடர்புகள் அப்போதும் தெரியும், அதை மறைக்க வழியில்லை. சுயவிவரத்தில் கைப்பேசி எண் இருந்தால் நீக்குங்கள். இவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் வாட்ஸ்அப்தான்.

இனி ஸ்கிரீன்ஷாட். பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறுக்கான 356-வது பிரிவில், சொன்னது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதை வெளியிட்டது பொதுநலனுக்காகவும் இருக்க வேண்டும். பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டை வெளியே சொன்னதற்காக முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில் பத்திரிகையாளர் பிரியா ரமணி 2021 பிப்ரவரியில் விடுதலையானார். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றம் ஏறி இறங்கினார். அதே படத்தை நல்லெண்ணத்தோடு போலீசிடமோ புகார் குழுவிடமோ கொடுத்தால், உரிய அதிகாரம் உள்ளவரிடம் சொன்ன புகார் என்று அதே பிரிவின் விதிவிலக்கு உங்களைக் காக்கும். அவர் முந்திக்கொண்டு கதை கட்டினாலும், தேதியிட்ட மறுப்பும் புகாரும் ஏற்கெனவே பதிவில் இருக்கும்.

மறுப்புக்குப் பிறகும் வேறு கணக்கிலிருந்தோ மின்னஞ்சலிலோ இரண்டு மூன்று முறை வந்தால் 78-வது பிரிவு பொருந்தும். cybercrime.gov.in தளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். பாலியல் சாயம் பூசிய பேச்சுக்கு 75-வது பிரிவும் இருக்கிறது. சேலை பற்றிய வரி மட்டும் அதற்குள் வருமா என்பது வாதத்துக்குரியது, அதை மட்டும் நம்பி நான் வழக்குப் போடமாட்டேன்.

உங்களுக்கு முதலில் உதவக்கூடியது உங்கள் அலுவலகத்தின் உள் புகார் குழு. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது இருந்தாக வேண்டும். அவர் வேறு நிறுவனத்துக்காரர் ஆயிற்றே என்று உங்கள் மனிதவளத் துறை கைவிரித்தால் விடாதீர்கள். வேறு அலுவலகத்தில் வேலை செய்பவர் மீதான புகாரையும் பெண்ணின் அலுவலகக் குழு விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. வாடிக்கையாளர் வேலையால் வந்த பழக்கம் இது என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். புகார் தந்தவரின் பெயரையோ விவரத்தையோ குழு வெளியிடக்கூடாது என்று அந்த 2013 சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. கடைசியாக வந்த செய்தியிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும், நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.