இரவல் நோட்டு: நாள் பேசாமல் எதையும் தராதீர்கள்

பதினெட்டு ஆண்டுகளாக நான் ஓர் இரவல் நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டை விட்டு வெளியே போகும் புத்தகம், ஏணி, துளைக்கும் இயந்திரம் எல்லாம் அதில் ஏறும். பிறரிடமிருந்து என் வீட்டுக்கு வந்தவையும் ஏறும். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நானும் நோட்டுப் போட்டேன். யார் எதை வாங்கினார்கள் என்று ஆள்வாரியாகப் பக்கம் பிரித்து எழுதினேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிப் பொருள் திரும்பவில்லை. எங்கே தவறு?

பதில்: ஆள்வாரியாகப் பிரித்ததில்தான். அந்த நோட்டு, நீங்கள் ஒருவரை நினைத்து அவருடைய பக்கத்தைத் திறந்தால் மட்டுமே பேசும். மறந்துபோன ஆளின் பக்கத்தை யார் திறப்பார்கள்? திருப்பித் தரும் நாள் வாரியாக எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். ஏப்ரலில் வர வேண்டியதெல்லாம் ஏப்ரல் பக்கத்தில் இருக்கட்டும். மாதம் பிறந்ததும் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தால் வேலை முடிந்தது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பொருளைக் கையில் கொடுக்கும்போதே நாளைப் பேசிவிட வேண்டும். "படித்துவிட்டுத் தாருங்கள்" என்பது நாள் அல்ல. "ஒரு மாதம் போதுமா, இரண்டு மாதம் வேண்டுமா?" என்று கேளுங்கள். நாளை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது முக்கியம். பிறகு நினைவூட்டும்போது நீங்கள் நினைவூட்டுவது அவர் சொன்ன சொல்லையே. நீங்கள் விதித்த கெடுவை அல்ல. கேட்கும் தொனியே மாறிவிடும்.

கேள்வி: முப்பது ஆண்டு நூலகத்தில் வேலை பார்த்தவன் நான். நீங்கள் சொல்வது எங்களுடைய ப்ரவுன் முறைதான். புத்தக அட்டையை வாசகரின் சீட்டுப் பைக்குள் செருகி, தவணை நாள் வரிசையில் தட்டில் அடுக்கி வைப்போம். காலையில் தட்டின் முன்பகுதியைப் பார்த்தாலே தவணை கடந்தவை தெரிந்துவிடும். சரிதானே?

பதில்: சரியேதான் ஐயா. நான் அதை ஒரு நூலகத்தின் மேசையருகே நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, நாளும் ஆளும் பொருளும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது. புத்தகம் திரும்பி வந்தால் அட்டை மறுபடி புத்தகத்துக்குள் போய்விடும். ஆகவே தட்டில் அட்டை இருக்கிறதென்றால் புத்தகம் வெளியே இருக்கிறது. வேறு கணக்கே வேண்டியதில்லை. கணினி வந்த பிறகும் கணக்கு வேறு இடத்துக்குப் போனதே தவிர, யோசனை மாறவில்லை.

கேள்வி: இவ்வளவு எதற்கு? நான் வாங்குபவரையும் புத்தகத்தையும் சேர்த்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். தேதியும் படத்திலேயே பதிவாகிவிடுகிறது.

பதில்: பாதி வேலை நடந்துவிட்டது. யாரிடம் போனது, என்றைக்குப் போனது, எந்த நிலையில் போனது என்பதற்கு உங்கள் படத்தைவிட நல்ல சான்று கிடையாது. துளைக்கும் இயந்திரத்தைத் தரும்போது பெட்டியைத் திறந்து, உள்ளே எத்தனை அலகுகள் இருக்கின்றன என்று தெரியும்படி நானும் படம் எடுக்கிறேன். ஆனால் உரிய நாள் வந்ததும் படம் உங்களை எழுப்பாது. அது மற்ற ஆயிரம் படங்களுக்குக் கீழே போய்விடும். படம் எடுத்த கையோடு நாள்காட்டியில் ஒரு நினைவூட்டலும் வைத்துவிடுங்கள். நோட்டு உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

கேள்வி: எழுதி வைப்பதில் எனக்குச் சிரமமில்லை. கேட்பதுதான் வாய்க்கு வரவில்லை. என்ன சொல்லிக் கேட்பீர்கள்?

பதில்: நடந்த ஒன்றையே சொல்கிறேன். இரண்டு பாகம் கொண்ட ஒரு வரலாற்று நூலை மார்ச் 5 அன்று ஒரு நண்பர் வாங்கிப் போனார். ஏப்ரல் 5 என்று நாளை அவரே சொன்னார். ஏப்ரல் 2 அன்று இப்படி எழுதினேன்:

"ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பக்கம் வருகிறேன். வரலாற்று நூல் இரண்டு பாகமும் முடிந்திருந்தால் வாங்கிக்கொள்கிறேன். முடியாவிட்டால் எந்த நாள் வசதி என்று சொல்லுங்கள்."

நாள் கடப்பதற்கு மூன்று நாள் முன்பே எழுதியதைக் கவனியுங்கள். கடக்காத நாளுக்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கடந்த பிறகு எழுதினால், எவ்வளவு மென்மையாக எழுதினாலும் "ஏன் தரவில்லை?" என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கும். அடுத்து, பொருளின் பெயர் அதில் இருக்கிறது. "அந்தப் புத்தகம்" என்று எழுதினால், எந்தப் புத்தகம் என்று தேடுவதிலேயே சிலர் நின்றுவிடுவார்கள். திரும்பக் கொண்டுவரும் அலைச்சலையும் நானே ஏற்றுக்கொண்டேன். பல பொருள்கள் திரும்பாததற்குக் காரணம் மனமின்மை அல்ல, அந்த அலைச்சல்தான்.

இரண்டாம் பாகம் பாதியில் நிற்கிறது என்று பதில் வந்தது. ஏப்ரல் 26 என்று புதிய நாள் சொன்னார். பழைய நாளை அழிக்காமல் பக்கத்தில் புதிய நாளை எழுதினேன். ஏப்ரல் 23 அன்று அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. 28 அன்று தொலைபேசியில் பேசினேன். இரண்டாவது செய்திக்குப் பதில் வராவிட்டால் மூன்றாவது செய்தியை நான் எழுதுவதில்லை, குரலில் பேசிவிடுவேன். எழுத்தில் கடுமையாகத் தெரிவது குரலில் அப்படித் தெரியாது. முதல் பாகம் அன்று மாலையே வந்தது. இரண்டாம் பாகம் மே மாதத்தில் வந்தது.

ஒன்று மட்டும் வேண்டாம்: "இன்னொருவர் கேட்கிறார்" என்று இல்லாத ஆளைச் சொல்லிக் கேட்காதீர்கள். அடுத்த முறை வீட்டுக்கு வருபவர், அந்தப் புத்தகம் உங்கள் அலமாரியிலேயே சும்மா இருப்பதைப் பார்ப்பார்.

கேள்வி: நாள் வந்ததும் செயலியே அவருக்குத் தானாகச் செய்தி அனுப்பிவிட்டால் நமக்குச் சங்கடமே இல்லையே?

பதில்: நான் அப்படி வைத்துக்கொள்வதில்லை. நினைவூட்டல் எனக்கு வரட்டும். அனுப்புவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்கிறேன். ஒருமுறை நாள் வந்தபோது, வாங்கியவரின் தாயார் மருத்துவமனையில் இருந்தார். நோட்டுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். நாளை ஒரு மாதம் தள்ளி எழுதிவிட்டு, புத்தகத்தைப் பற்றிப் பேசாமல் அவரைப் பார்த்து வந்தேன்.

கேள்வி: நூலகக்காரன் மறுபடியும் வருகிறேன். இதில் உங்களோடு நான் உடன்படவில்லை. எங்கள் நினைவூட்டுக் கடிதம் எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் போகும். அதனால்தான் யாரும் அதைத் தன்மேல் வந்த குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் ஆள் பார்த்து அனுப்பினால், அனுப்பப்பட்டவர் "எனக்கு மட்டும் ஏன்?" என்று நினைக்க மாட்டாரா?

பதில்: நினைப்பார். நீங்கள் சொல்வதில் உள்ள நியாயத்தை என்னால் மறுக்க முடியவில்லை. நிறைய பேருக்குத் தருபவர்கள், அலுவலகத்திலோ குடியிருப்பிலோ பொது அலமாரி வைத்திருப்பவர்கள், உங்கள் வழியில் போவதே நல்லது. பத்துப் பதினைந்து நண்பர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் எனக்கு என் வழி சரிப்படுகிறது. எல்லை எங்கே என்று தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கேள்வி: கணினியில் அட்டவணை போட்டேன். எல்லா வரியிலும் "நினைவூட்டு" என்றே வருகிறது. சில வரிகளில் பிழை காட்டுகிறது.

பதில்: பெரும்பாலும் இரண்டு காரணங்கள். பேசிய நாளுக்கான கட்டம் காலியாக இருந்தால் அட்டவணை அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே நாள் எப்போதோ கடந்துவிட்டதாகக் கணக்கு வரும். பிழை காட்டும் வரிகளில் தேதி, தேதியாகப் பதிவாகாமல் வெறும் எழுத்தாக நிற்கிறது. அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கட்டத்தில் எழுத்து எந்தப் பக்கம் ஒட்டி நிற்க வேண்டும் என்ற அமைப்பை நீங்கள் மாற்றியிராவிட்டால், உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நிற்பவற்றை மறுபடி தட்டச்சு செய்யுங்கள்.

A பொருள், B யாரிடம், C தந்த நாள், D பேசிய நாள், E கடைசியாகக் கேட்ட நாள், F திரும்பிய நாள் என்று வைத்து, G2 கட்டத்தில் இதை எழுதி, கீழுள்ள வரிகளுக்கும் நகலெடுங்கள்:

```
=IF(OR(A2="",F2<>""),"",IF(D2="","நாள் இல்லை",IF(TODAY()>=D2-3,"நினைவூட்டு","")))
```

"நாள் இல்லை" என்று வரும் வரிகளே அதிகமாக இருந்தால் சூத்திரத்தில் குறையில்லை. கொடுக்கும்போது நாள் பேசுவதில்லை என்று பொருள்.

கேள்வி: நான் மறுபக்கத்து ஆள். வாங்கியதைத் திருப்பித் தர மறந்துவிடுகிறேன்; பிறகு வெட்கத்தால் தராமலே இருந்துவிடுகிறேன்.

பதில்: உங்களை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒருவரின் புத்தகத்தை நான் நான்கு ஆண்டுகள் வைத்திருந்தேன். முதல் ஆண்டு மறதி, மீதி மூன்றும் வெட்கம். கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "இத்தனை நாள் வைத்திருந்தது தவறு" என்று மட்டும் சொன்னேன். அவர் அங்கேயே நின்று முதல் பக்கத்தில் இருந்த தன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். அதை நான் மறக்கவில்லை.

இப்போது இரவல் புத்தகம் வந்ததும் ஒரு துண்டுத்தாளில் உடையவரின் பெயரையும் நாளையும் எழுதி, அதையே பக்க அடையாளமாகச் செருகிவிடுகிறேன். படிக்கத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது கண்ணில் படும். இரவல் புத்தகங்களை என் அலமாரியில் கலக்க விடுவதும் இல்லை. வாசலுக்கு அருகே ஒரு தட்டு அவற்றுக்கென்றே இருக்கிறது. கலந்தால், ஒரே ஆண்டில் அது உங்களுடையது என்று உங்களுக்கே தோன்றிவிடும். நாள் தாண்டும் என்று தெரிந்தால் அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் ஓரகத்தி இரண்டு ஆண்டுக்கு முன் என் தையல் இயந்திரத்தை வாங்கிப் போனார். என்னைவிட மூத்தவர். கேட்டால் குடும்பத்தில் மனத்தாங்கல் வருமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் ஒன்றை யோசித்துப் பாருங்கள் அம்மா: அவர் அதை இரவல் என்று நினைக்கிறாரா, நீங்கள் கொடுத்துவிட்டதாக நினைக்கிறாரா? நாள் பேசாத பொருளில், இரண்டு ஆண்டுக்குப் பிறகு இருவர் நினைப்பும் வேறு வேறாக இருப்பது சகஜம். மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, "அக்கா, அடுத்த மாதம் எனக்குக் கொஞ்சம் தையல் வேலை இருக்கிறது. இயந்திரம் இப்போது உங்களுக்குத் தேவைப்படுகிறதா?" என்று கேளுங்கள். வேலை உண்மையாகவே இருந்தால் மட்டும் இப்படிச் சொல்லுங்கள். "நீ கொடுத்துவிட்டாய் என்றல்லவா நினைத்தேன்" என்று அவர் சொன்னால் அதற்கு மேல் என்ன செய்வது என்பதை இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது. இயந்திரம் பெரிதா, அந்த உறவு பெரிதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணத்தையும் இந்த நோட்டிலேயே எழுதலாமா?

பதில்: வேண்டாம். புத்தகம் முழுதாகத் திரும்பும் அல்லது திரும்பாது. பணம் சிறுகச் சிறுக வரும். அதற்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

கேள்வி: பொருள் திரும்பியதும் நோட்டில் அடித்துவிட்டால் போதுமா?

பதில்: போதும், ஆனால் எப்போது அடிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஒருவரிடம் ஒரு புத்தகத்தைக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். அவர் அதை மூன்று வாரம் முன்பே வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாங்கி அலமாரியில் வைத்தவர் என் அப்பா. நாணயமான ஒருவரைச் சந்தேகப்பட்டதுபோல ஆகிவிட்டது. அன்றே நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன். அதிலிருந்து, கேட்பதற்கு முன் அலமாரியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வீட்டில் யார் வாங்கினாலும் நோட்டின் மேலேயே புத்தகத்தை வைத்துவிடுகிறார்கள். வரியை அடித்த பிறகே அது அலமாரிக்குப் போகிறது.