புராஜெக்ட் அறிக்கையில் 47 சதவீத ஒற்றுமை: மேல்முறையீட்டு மனுவில் என்ன எழுதுவது?

கேள்வி: நான் பி.இ. சிவில் இறுதியாண்டு மாணவன். தனியாகச் செய்த புராஜெக்ட் அறிக்கையில் 47 சதவீதம் காப்பி என்று கூறி, யு.ஜி.சி. 2018 விதிப்படி ஓராண்டுக்கு மறுபடி சமர்ப்பிக்கக் கூடாது என்று கல்லூரிக் குழு உத்தரவிட்டுவிட்டது. என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவே இல்லை. பிப்ரவரியில் என் கைடு சோதனைக்காக ஏற்றிய என்னுடைய வரைவைத்தான் மென்பொருள் காட்டுகிறது. ஏழு நாளில் மேல்முறையீடு செய்யச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

பதில்: முதலில் அந்த உத்தரவு எந்த விதியின் மேல் நிற்கிறது என்று பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, முதுகலை மற்றும் ஆய்வுப் பட்டங்களுக்காகச் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடு போன்றவற்றையும் வெளியிடப்படும் எழுத்துகளையுமே தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. அதன் வரையறைப் பகுதியே ஒப்படைவுகள், புராஜெக்ட் அறிக்கைகள், விடைத்தாள்கள் ஆகியவற்றை வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. ஆகவே, உங்கள் பி.இ. அறிக்கைக்கு அதன் தண்டனைப் படிநிலையை அப்படியே எடுத்துப் பொருத்தியிருப்பதே கேள்விக்குரியது. இருப்பினும், இதை மட்டும் நம்பி மனுவை எழுதிவிடாதீர்கள். கல்லூரி தனக்கென ஒரு நேர்மைக் கொள்கையை வகுத்து, அதில் இந்தப் படிநிலையை ஏற்றுக்கொண்டிருக்கலாம். அப்படியிருந்தால் இந்த வாதம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்தக் கொள்கையின் நகலை இன்றே எழுத்து மூலம் கேளுங்கள்.

மனுவின் உயிர்நாடி உங்கள் வரைவுதான். அந்த ஒழுங்குமுறையின்படி கருத்துத் திருட்டு என்பது பிறருடைய படைப்பையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவது. உங்கள் வரைவு பிறருடையது அல்லவே. டர்னிட்டின் போன்ற மென்பொருளில் ஒரு வரைவைச் சேமிப்பகத்தில் வைக்கும் அமைப்போடு ஏற்றிவிட்டால், பின்னர் வரும் இறுதிப் பிரதி அதனோடு ஒத்திருப்பதாகவே காட்டும். ஒற்றுமை அறிக்கையின் ஆதாரப் பட்டியலில் அந்த வரிக்கு நேரே உங்கள் கல்லூரியின் பெயரும் மாணவர் படைப்பு என்ற குறிப்பும் இருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கைடு வரைவை ஏற்றிய நாளைக் காட்டும் மின்னஞ்சலோடு இணையுங்கள். கைடு இரண்டு வரியில் ஒரு கடிதம் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் மனுவில் அவரைக் குறை சொல்லாதீர்கள். உங்களுக்காகப் பேசக்கூடிய ஒரே சாட்சி அவர்தான்.

அடுத்து, கணக்கு. எடுத்துக்காட்டாக, 47இல் 33 சதவீதம் உங்கள் வரைவு என்றும், 8 சதவீதம் மேற்கோள் நூல் பட்டியலும் ஐ.எஸ். 456 தரநிலையிலிருந்து வந்த சூத்திரங்களும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒழுங்குமுறையே நூல் பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை, பொதுவான சொற்கள், சட்டங்கள், தரச் சமன்பாடுகள் ஆகியவற்றை ஒப்பீட்டிலிருந்து நீக்கச் சொல்கிறது. மீதி 6 சதவீதம்தான். பத்து சதவீதம் வரை அந்தப் படிநிலையில் தண்டனையே கிடையாது. ஆகவே, அந்த விதியே பொருந்தும் என்று குழு சொன்னாலும் உத்தரவு நிற்காது என்பதை மாற்று வாதமாக வைக்க வேண்டும். இந்த எண்களை உங்கள் அறிக்கையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்க எண் கொடுங்கள். தோராயமாக ஓர் எண்ணைப் போட்டால் குழு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

விசாரணை நடத்தாதது தனிக் காரணம். தேர்வு முறைகேடு தொடர்பாக மாணவர்களைத் தண்டிக்கும் முன் அவர்களுக்கு விளக்கமளிக்க வாய்ப்பு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1962இலேயே கன்ஷ்யாம் தாஸ் குப்தா வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. அதே 2018 ஒழுங்குமுறையும் இயற்கை நீதியைப் பின்பற்றச் சொல்வதோடு, குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டு, மேல்முறையீட்டு வழிகள் தீர்ந்த பிறகே தண்டனை விதிக்க வேண்டும் என்கிறது. இந்தப் பகுதியைச் சினமின்றி எழுதுங்கள்:

“குற்றச்சாட்டின் நகலோ ஒற்றுமை அறிக்கையோ எனக்கு வழங்கப்படவில்லை, விளக்கமளிக்க வாய்ப்பும் தரப்படவில்லை. ஆகவே மேற்படி உத்தரவை ரத்து செய்து, என் பிப்ரவரி வரைவை நீக்கி மறு ஒப்பீடு செய்யுமாறும், என்னை நேரில் கேட்குமாறும், அதுவரை உத்தரவின் செயல்பாட்டை நிறுத்தி என் தேர்வு முடிவை நிறுத்தி வைக்காமல் இருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.”

கடைசியில் கேட்கும் இடைக்கால நிறுத்தத்தைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். மேல்முறையீடு முடியுமுன் பட்டமளிப்பு முடிந்துவிடும். “மற்றவர்களும் இப்படித்தான்” என்ற வரியும், “தெரியாமல் நடந்துவிட்டது, மன்னியுங்கள்” என்ற வரியும் மனுவில் இருக்கவே கூடாது. இரண்டாவது, நடக்காத குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும்.

ஆறாம் நாளுக்குள் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே வழங்கியதற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். குழு நிராகரித்தால் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதலாம். அதன் பிறகு அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தனியார் கல்லூரி என்றால் அந்த மனு ஏற்கத்தக்கதா என்ற ஆட்சேபம் வரக்கூடும் என்பதால், அந்நிலையில் பல்கலைக்கழகத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டியிருக்கும்.